சுவருக்குள் ஓடும் ஆறு

மேல்மாடியில் எவரேனும் மலசலகூடத்தில் நீரை இறைத்தால் கீழ்மாடியில் உறங்குபவர் விழித்துக்கொள்ள வேண்டும் என்பது இயற்கை நியதியா? வென்னப்புவவிலிருந்து சிலாபம் வரையான எமது கரையோரத்தில் எழும் தொடர்மாடிகளைக் கட்டுவோர் அப்படித்தான் சொல்கிறார்கள். "தண்ணீர் ஓடினால் சத்தம் வரும்தானே" என்பது அவர்கள் வாதம். இது அறியாமையன்று, செலவைத் தட்டிக்கழிக்கும் தந்திரம் என்பேன்.

முன்னர் கழிவுநீர் கனத்த வார்ப்பிரும்புக் குழாய்களில் இறங்கியது. இன்று மெல்லிய பி.வி.சி. குழாயில் இறங்குகிறது. சுவர் இலேசானால் ஒலி எளிதாக வெளியேறும். ஒலி செல்லும் வழிகள் இரண்டு: ஒன்று குழாயின் தோலினூடாகக் காற்றில், மற்றையது குழாயை இறுகப் பிடித்த இரும்புப் பட்டியினூடாகச் சுவரில்.

இவற்றுள் எது உங்கள் வீட்டுக் குற்றவாளி என்பதை அறிவது எளிது. மேல்வீட்டில் நீரை இறைக்கச் சொல்லிவிட்டுப் படுக்கையறைச் சுவரில் கையை வையுங்கள். சுவர் அதிர்ந்தால் பட்டியே காரணம். அதிர்வில்லாமல் குழாய்க்கூண்டின் கதவைத் திறந்ததும் இரைச்சல் பெருகினால் அது காற்றுவழி ஒலி.

மாரவிலப் பக்கம் நான் பார்த்த ஒரு வீட்டில், குளிரூட்டிக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரையைக் கழிவுக்குழாய்க்குச் சுற்றியிருந்தார்கள். சத்தம் சற்றும் குறையவில்லை. வெறும் நுரைக்குக் கனமில்லை. கனமில்லாதது ஒலியை மறிக்காது. குழாயை ஒட்டி நுரையும், அதன்மேல் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ள வினைல் விரிப்பும் வேண்டும். பொருத்துகளை ஒன்றின்மேலொன்று படிய வைத்து நாடாவால் மூட வேண்டும். நீர் மோதித் திரும்பும் அடிவளைவை விட்டுவிட்டால் அத்தனையும் வீண்.

அங்கே பட்டிகளும் நேரே சுவரில் முடுக்கப்பட்டிருந்தன. உறை எத்தனை சுற்றினாலும் அந்த வழி திறந்தே இருக்கும். உள்ளே றப்பர் வைத்த பட்டி வேண்டும். அதையும் றப்பர் நசுங்கும்வரை முடுக்கினால் பயனில்லை. தளத்தைத் துளைக்குமிடத்தில் குழாயைச் சீமெந்தால் இறுக்காமல், சுற்றிலும் நெகிழும் பொருளால் அடைக்க வேண்டும். எமது உப்புக்காற்றில் சாதாரண இரும்புப் பட்டி துருப்பிடிக்கும். துருவேறா உருக்கே நிலைக்கும்.

அவுஸ்திரேலியக் கட்டடக் கோவை, அயல்வீட்டுக் கழிவுக்குழாய்க்கும் படுக்கையறைக்கும் இடையிலான ஒலித்தடைக்கு 40 என்ற குறைந்தபட்ச மதிப்பை விதித்திருக்கிறது, சமையலறைக்கு 25. உறையோடு ஜிப்சம் பலகையும் சேர்த்தே அங்கே அதை எட்டுகிறார்கள். உறை மட்டும் போதும் என்று விற்பவரை நம்பாதீர்கள்.

சுவர் பூசிய பின் இவற்றைச் செய்வதென்றால் உடைத்துத்தான் செய்ய வேண்டும். ஆகவே வாங்குபவர்களே, முற்பணம் செலுத்துமுன் குழாய்க்கூண்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். றப்பர் விளையும் நாட்டில் ஒரு பட்டிக்குள் றப்பர் வைக்க மனமில்லாதவர்களுக்கு எமது உறக்கத்தை ஏன் விலையாகக் கொடுக்க வேண்டும்?