வெள்ளை அணுவைக் கூட்டுவானேன்?

மழை தொடங்கியதும் சத்துப்பொடி விளம்பரங்களும் தொடங்கிவிடுகின்றன. இந்த வாரம் கண்ணில் பட்ட ஒன்று, வெள்ளை அணுக்களைப் பெருக்கி எந்தத் தொற்றையும் அண்டவிடாமல் செய்வதாகச் சொல்கிறது. இதில் எரிச்சலூட்டுவது அந்தப் பொடியைவிட அதன் அடியில் கிடக்கும் நம்பிக்கைதான். வெள்ளை அணு என்பது ஒரே சரக்கு, கையிருப்பு கூடினால் பலமும் கூடும் என்பது அந்த நம்பிக்கை. இரத்தப் பரிசோதனைக் காகிதத்தின் மீது இந்தப் பத்திக்கு உள்ள பழைய மனத்தாங்கலும் அதைச் சேர்ந்ததே. மொத்த எண்ணிக்கையையும் சதவீதங்களையும் அச்சிட்டுத் தருகிறார்கள். இரண்டையும் பெருக்கிப் பார்க்கும் வேலை படிப்பவர் தலையில் விழுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருப்பது இயல்பு. மொத்தம் 4,000, அதில் நியூட்ரோபில் 10 சதவீதம் என்று ஒரு காகிதம் சொன்னால், மொத்தக் கணக்கு இயல்பின் விளிம்பில்தான் நிற்கிறது. பெருக்கினால் நியூட்ரோபில் வெறும் 400. புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த எண் வந்து, காய்ச்சலும் இருந்தால், அன்றே மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள்.

ஏன் அவ்வளவு அவசரம் என்றால், பாக்டீரியாவும் பூஞ்சையும் நுழைந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேருவது நியூட்ரோபில்தான். வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் பொதுவாக இதுவே. எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவில் இதை உற்பத்தி செய்கிறது. இரத்தத்தில் இதன் ஆயுள் ஒரு நாளோ அதற்கும் குறைவோதான் என்பது பொதுவான கணக்கு. கிருமியை விழுங்கி, உள்ளே ஆக்ஸிஜனிலிருந்து நச்சுப் பொருள்களைத் தயாரித்து அதைக் கொல்கிறது. புண்ணில் வரும் சீழ் பெரும்பாலும் செத்த நியூட்ரோபில்களே. பிறவியிலேயே அந்த நச்சைத் தயாரிக்க முடியாத குழந்தைகள் உண்டு. அவர்கள் இரத்தத்தில் நியூட்ரோபில் குறைவதில்லை, கிருமியை விழுங்கவும் செய்கிறது, கொல்ல மட்டும் முடியவில்லை. கட்டிகளும் நுரையீரல் பூஞ்சைத் தொற்றும் அவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். எண்ணிக்கை சரியாக இருந்தும் பாதுகாப்பு இல்லாமல் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மோனோசைட் இரத்தத்தை விட்டுத் திசுவுக்குள் போய் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கியாக மாறுகிறது. காசநோய்க் கிருமியை வளைத்து அடைத்துவைக்கும் முடிச்சு இவற்றால் ஆனது. லிம்போசைட்டுகள் கிருமியை அடையாளம் காண்பவை. ஒரு பிரிவு ஆன்டிபாடிகளைச் சுரக்கிறது, இன்னொன்று வைரஸ் புகுந்த நம் செல்லையே கொல்கிறது, மற்றொன்று பிற அணுக்களுக்கு உத்தரவு தருகிறது. இங்கே ஓர் ஆட்சேபம் எழும்: தடுப்பூசி எதிர்ப்பு சக்தியைக் கூட்டத்தானே செய்கிறது? இல்லை, அது ஒரே ஒரு கிருமியை அடையாளம் காணக்கூடிய மிகச் சில லிம்போசைட்டுகளைத் தேர்ந்து பெருக்குகிறது. அம்மைத் தடுப்பூசி டெட்டனஸைத் தடுப்பதில்லை. வெள்ளை அணுவை உண்மையிலேயே பெருக்கும் ஊசி இருக்கிறதே என்றும் கேட்கலாம். இருக்கிறது, ஃபில்கிராஸ்டிம். அது பெருக்குவது நியூட்ரோபிலை. குறைந்தவருக்கோ குறையும் அபாயம் உள்ளவருக்கோ, எண்ணிப் பார்த்துத் தருகிறார்கள். ஆரோக்கியமாக இருப்பவர் நோய் வராதிருக்கப் போட்டுக்கொள்ளும் மருந்து அல்ல. பேஸோபில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஒவ்வாமையில் ஹிஸ்டமினை வெளியிடுவதும், ஒட்டுண்ணிகளுக்கு எதிராக உதவுவதும் அதன் வேலை.

மிச்சம் இருப்பது ஈஸினோபில். விளம்பரக்காரர்களின் வாதத்தை வேறெதையும்விட முழுமையாக உடைப்பது இந்த அணுதான். தமிழ்நாட்டில் விடாத தும்மலுக்கும் இளைப்புக்கும் ‘ஈஸ்னோபீலியா’ என்றே பேர் சொல்லிவிடுகிறோம். காகிதத்தில் 8 சதவீதம் என்று தடித்த எழுத்தில் இருக்கும், வீடே கலங்கும். மொத்தம் 7,000 என்றால் அது 560 தான். 500 வரை இயல்பு, எனவே இது ஒவ்வாமையிலேயே காணக்கூடிய சிறு ஏற்றம். மொத்தம் 18,000, ஈஸினோபில் 40 சதவீதம் என்றால் 7,200. அது வேறு கதை. அந்தக் கதையின் தொடக்கம் அன்றைய சென்னை மாகாணத்தில் இருக்கிறது. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியத்தில் பணியாற்றிய ஃப்ரிமோட்-மொல்லரும் பார்ட்டனும் 1940-ல் சில நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எக்ஸ்ரேயில் காசநோய் போன்ற நிழல்கள், ஆனால் நோய் காசநோய் அல்ல, இரத்தத்தில் ஈஸினோபில் மிக அதிகம். 1943-ல் வைன்கார்ட்டன் இதற்கு வெப்பமண்டல ஈஸினோபீலியா என்று பெயரிட்டு, ஆர்சனிக் கலந்த மருந்துக்கு இது கட்டுப்படுகிறது என்று காட்டினார். காரணம் மட்டும் பிடிபடவில்லை. யானைக்கால் புழுவின் மேல் சந்தேகம் இருந்தாலும், நள்ளிரவில் எடுத்த இரத்தத்தில்கூட அதன் குஞ்சுப்புழுக்கள் தென்படவில்லை. 1960-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜோப், கால்ட் மூவரும் திசுக்களில் தேடினார்கள். நுரையீரலிலும் கல்லீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் குஞ்சுப்புழுக்கள் அகப்பட்டன.

இரத்தத்தில் புழு இல்லாததற்குக் காரணம் உடல் தோற்றது அல்ல, அளவுக்கு மிஞ்சி வென்றது. புழு விழுங்க முடியாத அளவு பெரியது. அதனால் ஆன்டிபாடிகள் அதன் தோலில் படிகின்றன, ஈஸினோபில்கள் அவற்றைப் பற்றி ஒட்டிக்கொண்டு, தம் துகள்களிலுள்ள நச்சுப் புரதங்களை வெளியே கொட்டுகின்றன. யானைக்கால் புழு தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த எதிர்ப்பு அடங்கியே இருக்கிறது. குஞ்சுப்புழுக்கள் இரத்தத்தில் உலவ, அவர்கள் இருமாமல் நடமாடுகிறார்கள். எதிர்ப்பு மிகப் பலமாக எழும் சிலருக்குத்தான் குஞ்சுப்புழுக்கள் நுரையீரல் நுண்குழாய்களிலேயே சிக்கி அழிய, அங்கே கொட்டிய நச்சு நுரையீரலையும் அரிக்கிறது. இரவில் தூங்கவிடாத இருமல், இளைப்பு, லேசான காய்ச்சல், எடை குறைவு என்று நோய் வெளிப்படும். ஈஸினோபில் பொதுவாக 3,000-க்கு மேல் போய்விடும். எதிர்ப்பு சக்தி கூடக் கூட நல்லது என்றால், ஊரிலேயே திடமானவர்கள் இவர்களாக இருக்க வேண்டும்.

அப்படியானால் ஈஸினோபிலைக் குறைத்தால் போதுமே என்பதும் பிழைதான். ஆஸ்துமா என்று நினைத்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் அந்த எண் மளமளவென இறங்கும், இருமலும் தணியும். காகிதம் குணமானதாகச் சொல்லும், புழு அங்கேயே இருக்கும். குஞ்சுப்புழுவையே கொல்லும் டைஎத்தில்கார்பமசைன் மாத்திரையை, உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் வீதம், பொதுவாக 21 நாள் தருகிறார்கள். அதற்கு இருமல் சட்டென்று அடங்குவதே நோய் இதுதான் என்பதற்கு ஒரு சான்றாகக் கொள்ளப்படுகிறது. தாமதித்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து மூச்சுத்திறன் நிரந்தரமாகக் குறையலாம். அத்துடன், சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தின் விஜயன் உள்ளிட்டோர் சிகிச்சை முடித்தவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தபோது, சிலரிடம் ஈஸினோபில்களும் அழற்சியும் அங்கே அடங்காமல் தொடர்வதைக் கண்டார்கள். அதனால் மாத்திரை முடிந்து இரத்தக் கணக்கு இறங்கிய பிறகும் மூச்சுத்திறன் பரிசோதனைக்கு மறுபடி போக வேண்டும்.