ஆறு மாதத்துக்கான முதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பலசரக்குக் கடை வைக்க விரும்பி, வங்கிக்கோ சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ விண்ணப்பிப்போருக்காக நம்மவர் தயாரித்துக் கொடுக்கும் மதிப்பீடுகளில், கடை திறக்கும் நாள்வரை ஆகும் செலவு அதிநுணுக்கமாகவும், மறுநாள் தொடங்கி மாதந்தோறும் ஆகும் செலவு ‘இதர செலவுகள்’ என்ற ஒரே வரியிலும் எழுதப்படுவது வழக்கமாகிவிட்டது. திறப்புவிழாவன்று நிறைந்திருந்த றாக்கைகள் நான்காம் மாதத்தில் வெறுமையாவதற்குப் பிரதான காரணம் இந்த வழக்கமே என்பது எமது அபிப்பிராயம்.

சுன்னாகம் சந்தைக்கு அண்மையில் ஒரு சிறு கடையை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்வோம். றாக்கை, மேசை, தராசு, பழைய குளிர்சாதனப்பெட்டி, மின்னிணைப்பு வேலை, பெயர்ப்பலகை, வியாபாரப் பெயர்ப் பதிவு ஆகிய யாவும் சேர்ந்து 4,25,000 ரூபா ஆகிறதென்க. இவை ஒருமுறை செலவழிந்தபின் திரும்பவும் கேட்காதவை. ஆறு மாத வாடகைக்குச் சமமான முற்பணம் 1,50,000 ரூபாவும், முதற் சரக்கு 6,00,000 ரூபாவும் இவற்றோடு ஒரே நிரலில் சேர்க்கப்படுவது சரியன்று. ஏனெனில் முற்பணம் கடைக்காரருக்குத் திரும்ப வரவேண்டிய பணம், சரக்கோ விற்று மீண்டும் வாங்கி எந்நாளும் அதே அளவில் கடைக்குள் நிற்கவேண்டிய பணம். இவ்விரண்டும் செலவல்ல, முடங்கிய முதல். ஆகையால் தனி நிரலிலேயே எழுதப்படவேண்டும்.

இனி மாதச் செலவு. வாடகை 25,000, மின்சாரம் 12,000, உதவியாள் ஒருவரின் சம்பளம் 40,000, அச்சம்பளத்தின்மேல் கடைக்காரர் செலுத்தவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதமுமாக 6,000, ஏற்றுகூலியும் பைகளும் பிறவும் 17,000 ஆக, ஓர் இலட்சம் ரூபா. இத்துடன் மதிப்பீட்டில் எவரும் எழுதாத ஒன்று உண்டு. கடைக்காரரின் குடும்பம் உண்பதற்கு லாச்சியிலிருந்து எடுக்கும் 40,000. நாம் எழுதாவிட்டாலும் அது எடுக்கப்படும். ஆக ஆறு மாதத்துக்கு 8,40,000 ரூபா.

விற்பனை முதல் மாதத்தில் மூன்று இலட்சமாகத் தொடங்கி, மாதம் ஓர் இலட்சமாக உயர்ந்து, ஆறாம் மாதத்தில் எட்டு இலட்சத்தை அடைகிறதென்றும், விற்ற விலையில் 12 வீதம் இலாபமாக நிற்கிறதென்றும் கொண்டால், ஆறு மாத மொத்த இலாபம் 3,96,000 ரூபா. ஆனால் நமது கிராமங்களில் கடன் கொப்பி இல்லாத பலசரக்குக் கடை ஏது? விற்பனையில் காற்பங்கு கடனாகி இரண்டு மாதம் கழித்தே கைக்கு வருமாயின், ஆறாம் மாத முடிவில் 3,75,000 ரூபா கொப்பியிலே கிடக்கும். இலாபமாகக் கையில் நிற்பது 21,000 மாத்திரமே. எனவே அந்த ஆறு மாதத்தைக் கடக்க 8,19,000 ரூபா வேறாக வேண்டும். பதினொன்றே முக்கால் இலட்சத்தில் முடிவதாக விண்ணப்பத்தில் காட்டப்பட்ட கடைக்கு உண்மையில் ஏறத்தாழ இருபது இலட்சம் தேவைப்படுகிறது.

இந்த வித்தியாசத்தை அடைக்கப் பணம் இல்லாதபோது கடைக்காரர் சரக்கைத் தின்னத் தொடங்குகிறார். அதாவது சீனி விற்ற காசில் வாடகை கட்டுகிறார். கடைக்குள் நுழைந்ததும் இதனைக் கண்டுகொள்ளலாம்: அரிசி, சீனி, கோதுமை மா போன்று அன்றாடம் போகும் பொருள்களின் இடம் காலியாகவும், சவர்க்காரமும் தும்புத்தடியும் தூசி படிந்து நிறைந்தும் இருக்கும். மாதக் கடைசியில் சரக்கைக் கொள்விலையில் எண்ணி, கைக்காசையும் கொப்பிக் கடனையும் கூட்டி, மொத்த வியாபாரிக்குக் கொடுக்கவேண்டியதைக் கழித்துப் பார்த்தால், முதல் எவ்வளவு கரைந்தது என்பது சந்தேகமறத் தெரியும். நகை அடகுவைத்துத் தொடங்கியவராயின் அடகு வட்டியையும் மாதச் செலவிலேயே சேர்க்கவேண்டும்.

ஆறு மாதத்தைச் சராசரியாக எழுதுவதும் பயன்படாது. தீபாவளிக்கு முன் திறந்த கடையின் முதல் மாத விற்பனை விசேஷத்தால் வீங்கியது; அதையடுத்து வரும் வடகீழ்ப் பருவமழையில் கூலிவேலையும் கடற்றொழிலும் தடைப்பட, காசு விற்பனை குறைந்து கடன் கொப்பி தடிக்கும். எந்த மாதத்தில் திறப்பதென்பதை வைத்தே ஆறு மாதங்களும் தனித்தனியே எழுதப்படவேண்டும். விலையும் நிலையானதன்று: 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவிலிருந்த நாணயமாற்று வீதம் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது, ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. றாக்கைக்குக் கொடுத்த பணம் அதனால் மாறவில்லை. அதே அளவு சரக்கை மீண்டும் வாங்கும் செலவும் மின்சாரப் பட்டியலுமே மாறின. எதிர்பாராத செலவுக்கென ஒதுக்கும் தொகையை அமைப்புச் செலவின்மேல் கணக்கிடாது, மாதச் செலவின்மேலும் சரக்கின்மேலும் கணக்கிடவேண்டுவது இதனாலேயே.

ஒருமுறைச் செலவு, முடங்கிய முதல், மாதவாரியான ஆறு மாதச் செலவு என மூன்று நிரல்களும், கடைக்காரரின் குடும்பச் செலவும் கடன் கொப்பியும் இல்லாத எந்த மதிப்பீட்டிலும் கையொப்பமிட வேண்டாமென்று, இத்தொழிலில் உள்ள கணக்காளர்களையும் கடன் அலுவலர்களையும் வேண்டிக்கொள்கிறோம்.