பட்டாவில் இல்லாதவர்கள்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்தில் நண்பரின் பேத்தி, எம்.ஏ. சமூகவியல் முடித்திருக்கிறாள். எதிர் இலைக்காரர், "டீச்சர் வேலைக்குப் போ, இல்லேன்னா குரூப் டூ எழுதும்மா. இந்தப் படிப்புக்கு வேறென்ன இருக்கு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

நான் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன். ஒருமுறை சாலைக்கு நிலம் எடுத்தோம். பட்டா, சிட்டா, அடங்கலை வைத்துப் பட்டியல் போட்டதில் 41 பட்டாதாரர்கள். இழப்பீடு அவர்களுக்குப் போயிற்று. அந்த வயலில் வாரத்துக்கு உழுதவர், நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள், யாரும் எங்கள் கணக்கில் இல்லை. நாங்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. காகிதத்தில் இல்லாதவரைத் தேடிப் பார்க்கும் பயிற்சி எங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் இதை மாற்றியது. மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரரும் கூலித் தொழிலாளியும்கூட இப்போது பாதிக்கப்பட்ட குடும்பம்தான். அவர்களைக் கண்டறிய சமூகத் தாக்க மதிப்பீடு என்று ஓர் ஆய்வு உண்டு. ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அறிக்கை உள்ளூர் மொழியில் வெளிவர வேண்டும். அதைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவில் அரசு சாராத சமூக அறிவியலாளர் இருவர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இது யார் வேலை? இன்ஜினீயர் வேலையா?

வேலை எளிதுமல்ல. பகல் பதினோரு மணிக்கு வீடு வீடாகப் போனால் கூலிக்காரர் வீட்டுக் கதவு பூட்டியிருக்கும். விடியலிலோ விளக்கு வைத்த பிறகோ போக வேண்டும். டீக்கடையில் ஆண்களிடம் மட்டும் விசாரித்தால் ஊர் பாதிதான் தெரியும். வாரத்துக்கு உழுபவர் நில உடைமைக்காரர் முன்னால் வாய் திறக்க மாட்டார். தனியே பேச வேண்டும். இரண்டு ஊர் அறிக்கையில் ஒரே வாக்கியங்கள் இருந்தாலோ, நிலமற்ற குடும்பம் ஒன்றுகூட இல்லை என்று எழுதியிருந்தாலோ, யாரும் ஊருக்குள் போகவில்லை என்று அர்த்தம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் தனிச் சட்டங்கள் இருப்பதால் அங்கே இந்த மதிப்பீடு கட்டாயமில்லை. ஆனால் உலக வங்கி கடன் கொடுக்கும் திட்டங்களில் அதன் விதிகளே இந்தக் கணக்கைக் கேட்கின்றன. பெரும்பாலும் ஆலோசனை நிறுவனங்களில் ஒப்பந்த வேலை; பென்ஷன் கிடையாது.

பென்ஷன் வாங்கும் நாம்தான் இந்தப் பிள்ளைகளை இரண்டே வாசலில் வரிசையில் நிறுத்துகிறோம். அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "எக்செல் கத்துக்கோ. தமிழிலும் இங்கிலீஷிலும் அறிக்கை எழுதிப் பழகு. முதல்ல உங்க ஊர்லயே ஒரு தெருவை எடுத்து, பட்டா இல்லாதவங்க எத்தனை பேர்னு எண்ணிட்டு வா." எதிர் இலைக்காரர் மோர் கேட்டார்.