கவுண்ட்டர் பொய் சொல்லாது, ஆனா எல்லாத்தையும் சொல்லாது

போன தடவை லீவுக்குப் பழனி போனப்ப, காலேஜ் படிக்கும்போது ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுத்த கடைக்குச் சும்மா எட்டிப் பார்த்தேன். போர்டுல இன்னும் 'பிரவுசிங் சென்டர்'னுதான் இருக்கு. பிரவுஸ் பண்ணத்தான் ஆள் இல்ல. ஆதார் ஜெராக்ஸ், காலேஜ் ரெக்கார்டு, கொடைக்கானல் இ-பாஸ், இதுதான் இப்ப வியாபாரம். ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7-ல இருந்து மலைக்கு வண்டியில போக இ-பாஸ் வேணும். போன்ல இருந்தாலும், கையில ஒரு பேப்பர் இருந்தாத்தான் நம்ம ஆளுங்களுக்குத் தைரியம் :-)

கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்ததும் ஒரு பேப்பரை நீட்டினாரு. பிரிண்டரோட ரிப்போர்ட். அதுல ஒரு நம்பரைச் சுத்திச் சிவப்பு மையில வட்டம்.

"தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்ச ஆளு. நீயே சொல்லு. மெஷின் 318 பக்கம் அடிச்சிருக்கேங்குது. பையன் நோட்டுல 281 எழுதிருக்கான். மிச்சம் 37 பக்கத்துக் காசு எங்க போச்சு?"

பக்கத்துக்கு அஞ்சு ரூபா. 37 பக்கம்னா 185 ரூபா. வாரம் ஆறு நாளைக்குப் போட்டா ஆயிரத்து நூறைத் தாண்டும். அதைப் பையன் சம்பளத்துல பிடிக்கப் போறேன்னாரு. பையன் ஓரமா நின்னு ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடிக்கிட்டிருந்தான். ஒண்ணும் பேசல.

மெஷின் ஹெச்பி எம்1005. மெனுவுல `Reports` போய் `Config report` கொடுத்தா ஒரு தாள் வரும். மெஷின் பிறந்ததுல இருந்து எத்தனை பக்கம் அடிச்சதுன்னு அதுல இருக்கும். அண்ணன் தினமும் கடை மூடும்போது அதை எடுத்து, நேத்து நம்பரைக் கழிப்பாரு. முந்தின நாள் 48,212. அன்னிக்கு 48,530. வித்தியாசம் 318. கழித்தல் சரிதான். தப்பு, அந்த 318 எதோட எண்ணிக்கைங்கிறதுல இருக்கு.

அந்த நம்பர் பேப்பரை எண்ணுறதில்ல. கஸ்டமரை எண்ணுறதுமில்ல. மெஷினுக்குள்ள ஒரு தாள் ஒரு தடவை போய் வந்தா ஒண்ணு, அவ்வளவுதான். பிரிண்டா ஜெராக்ஸாங்கிற பேதமும் அந்த மொத்தத்துக்குக் கிடையாது. இதை மனசுல வச்சுக்கிட்டு மூணு பேரும் உக்காந்து நோட்டைப் புரட்டினோம்.

முதல் ஆள் அந்த ரிப்போர்ட்டேதான். அதுவும் ஒரு பக்கம். ஒண்ணு போச்சு.

அடுத்தது ஒரு காலேஜ் பொண்ணோட ரெக்கார்டு, முன்னும் பின்னுமா 18 தாள். கடையில ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துத் தாளுக்கு எட்டு ரூபான்னு ரேட்டு, அதனால பையன் நோட்டுல 18-னு எழுதியிருந்தான். அந்த மெஷின்ல பின்பக்கம் தானா அடிக்காது, தாளைத் திருப்பி வைக்கணும். ஆக மெஷின் எண்ணினது 36. வித்தியாசம் 18.

மூணாவதுதான் சுவாரசியம். ஆதார் கார்டு ஜெராக்ஸ். முன்பக்கம் ஒரு காப்பி எடுத்துட்டு, அதே தாளைத் திரும்ப ட்ரேயில வச்சு, அதே பக்கத்துல கீழ பின்பக்கத்தை எடுப்பாங்க. தாள் ஒண்ணு, காசு ஒண்ணு, மெஷினுக்குள்ள போனது ரெண்டு தடவை. அன்னிக்கு ஏழு பேர். ஏழு போச்சு.

அப்புறம் இ-பாஸ். பிரவுசர்ல இருந்து நேரா பிரிண்ட் கொடுத்தா சில சமயம் ரெண்டாவது பக்கம் வரும். அதுல ஒரே ஒரு வரி இருக்கும், மீதி வெள்ளை. அதுக்கு யாரும் காசு தர மாட்டாங்க. ஆனா வெள்ளைத்தாள் போனாலும் மெஷின் எண்ணும். பில் கட்டுக்குள்ள அப்படிப்பட்ட தாள் ஆறு, பின்பக்கம் கணக்குப் போட வச்சிருந்தாங்க.

கடைசியா குப்பைக்கூடை. கோணலா வந்தது, தப்பான ஃபைல் அடிச்சதுன்னு நாலு.

1 + 18 + 7 + 6 + 4 = 36. அண்ணன் தேடின 37-ல மிச்சம் ஒண்ணு. அது பாதியில சிக்கிக் கிழிஞ்ச தாளா இருக்கலாம். சிக்கின தாளை எண்ணுறது மாடலுக்கு மாடல் மாறும். இல்ல, பையன் ஃப்ரெண்டுக்கு ஒண்ணு அடிச்சுக் கொடுத்திருக்கலாம். அஞ்சு ரூபாய்க்கு நான் துப்பறிய மாட்டேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாரு. "அப்ப போன மாசம் பிடிச்சது?"ன்னு அவரே கேட்டுக்கிட்டாரு. நான் வாயத் திறக்கல.

ரேட்டு விஷயத்துக்கும் இதே நம்பரைத்தான் வச்சிருந்தாரு. இந்த மெஷினுக்கு 12ஏ கார்ட்ரிட்ஜ். கம்பெனி கணக்குல 2,000 பக்கம். ஆனா அது பக்கத்துல சுமார் அஞ்சு சதவீதம் மட்டும் மை விழுந்தா வர்ற கணக்கு, அதாவது சின்னதா ஒரு லெட்டர். ரீஃபில் போட்ட அன்னிக்கு கவுண்ட்டரைக் குறிச்சு, எழுத்து மங்கின அன்னிக்கு மறுபடி குறிச்சுப் பார்த்தா இவர் கடையில வந்தது 1,390. இங்க கவுண்ட்டர் உண்மையிலேயே உதவுது. ரீஃபிலுக்கு 350 ரூபான்னா, ஒரு தடவை ஓட 25 பைசா மை.

பேப்பருக்கு மட்டும் அந்த நம்பர் ஆகாது. 318-ல திருப்பி வச்ச 18-ஐயும் ஆதார் 7-ஐயும் கழிச்சா, செலவான தாள் 293தான். தாள் 54 பைசான்னா 158 ரூபா. மை 318-க்கு சுமார் 80 ரூபா. மொத்தம் 238. இதைக் காசு வந்த 281-ஆல வகுக்கணும், 318-ஆல இல்ல. 85 பைசா வருது.

"85 பைசாவுக்கு அஞ்சு ரூபாயா, கொள்ளை"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. மீதி நாலு ரூபாயிலதான் வாடகை, கரண்ட், நெட், இந்தப் பையன் சம்பளம் எல்லாம். பாஸ்வேர்டு மறந்துட்டு வர்ற பெரியவருக்கு இருபது நிமிஷம் உக்காந்து ஃபார்ம் போட்டுக் கொடுக்கிறதும் அதுக்குள்ளதான். அது எந்த ரிப்போர்ட்லயும் வராது. ஆனா பக்கம் பூரா கறுப்பா ஒரு சாமி போட்டோவும் நாலு வரி லெட்டரும் கவுண்ட்டருக்கு ஒண்ணுதான். மை பத்து மடங்குக்கு மேல வித்தியாசப்படும். அதுக்குத் தனி ரேட்டு வைங்கன்னு சொன்னேன்.

நான் சொன்ன மாத்தம் பெருசா ஒண்ணுமில்ல. நோட்டுல ஒரு காலத்தை மூணாக்கணும்: காசு வாங்கினது, மெஷின் ஓடினது, வீணானது. வீணான தாளைக் கிழிக்காம ஒரு டப்பாவுல போடணும். ராத்திரி கடைசி ரெண்டையும் கூட்டி ரிப்போர்ட்டோட ஒப்பிடணும். அஞ்சாறு குறைஞ்சா விட்டுடலாம். தினமும் முப்பது குறைஞ்சா அப்பக் கேக்கலாம்.

எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். ஏதோ ஒண்ணை எண்ணுற ஒரு நம்பர் கைக்குக் கிடைச்சா, அது நாம கேட்டதைத்தான் எண்ணுதுன்னு முடிவு பண்ணிடுறோம். அப்புறம் வித்தியாசத்துக்கு ஒரு ஆளைத் தேடுறோம். கிடைக்கிறது எப்பவும் சம்பளம் கம்மியா வாங்குற ஆளாத்தான் இருக்கு.

டிஸ்கி: கிளம்பும்போது பையன் என்னோட ட்ரெயின் டிக்கெட்டை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். காசு வேணாம்னான். அஞ்சு ரூபாயை வச்சுட்டு, "முதல்ல நோட்டுல எழுது தம்பி"ன்னு சொல்லிட்டு வந்தேன்.