கடன் வாங்கிய பங்கில் எங்களுக்குப் பங்கு வேண்டாம்

அன்புத் தோழிக்கு,

அன்னூரில் நம் இரு வீட்டாரும் ஆளுக்கு 50,000 ரூபாய் போட்டு, தரகு நிறுவனம் தரும் 3 லட்சம் கடனையும் சேர்த்து, 4 லட்சத்துக்குப் பங்கு வாங்கலாம் என்றாய். விலை பத்து விழுக்காடு ஏறினால் 40,000 ரூபாய் இலாபம் என்று கணக்கும் காட்டினாய். அக்கணக்கு சரிதான். ஆனால் அதன் மறுபாதியை நீ எழுதவில்லை. எங்கள் வீட்டில் கலந்து பேசி அதை எழுதிப் பார்த்தோம்.

விலை பத்து விழுக்காடு இறங்கினால் பங்குகளின் மதிப்பு 3,60,000 ஆகும். கடன் 3 லட்சம் அப்படியே நிற்கும். நம்முடையது 60,000 மட்டுமே. மதிப்பில் கால்பங்கு நம் பணமாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனையானால், 90,000 இருக்கவேண்டும். குறையும் 30,000 ரூபாயை அவர்கள் குறித்த கெடுவுக்குள் கட்டவேண்டும். கட்டாவிட்டால் நம்மைக் கேளாமலே பங்குகளை விற்றுவிடுவார்கள். மறுவாரம் விலை ஏறினாலும் நமக்கு அதில் ஒன்றுமில்லை.

"நல்ல கம்பெனி, பொறுத்திருந்தால் ஏறும்" என்கிறாய். பொறுத்திருப்பது சொந்தப் பணத்தில் வாங்கியவருக்கு உள்ள உரிமை. கடனில் வாங்கியவர் அந்த உரிமையைத்தான் முதலில் விற்றுவிடுகிறார். பங்கைப்பற்றிய நம் கணிப்பு சரியாகவே இருந்தாலும் நாம் தோற்கக்கூடும் என்பதே இதிலுள்ள சூது.

இது வியாபாரம்தானே என்றும் கேட்டாய். கூட்டு வியாபாரத்தில் முதல் போட்டவர் நட்டத்திலும் பங்கேற்பார். இங்கே 3 லட்சம் தருபவர் நட்டத்தில் ஒரு பைசாவும் ஏற்பதில்லை. மாதம் ஒன்றேகால் வட்டி என்றால், ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு 3,750 ரூபாய் போய்க்கொண்டே இருக்கும். இதற்கு வட்டி என்பதைவிட வேறு பெயர் உண்டா?

கணக்கோ உன் பெயரில். குறையும் பணத்தைக் கேட்டு அழைப்பு வருவது உனக்குத்தான். அந்நாளில் எங்களிடம் 15,000 இல்லையென்றால் நீ எங்களைக் கேட்பாயா, உன் நகையை அடகு வைப்பாயா? இரண்டிலும் கெடுவது நம் நட்பே.

பழகியபின் எஃப் அண்ட் ஓ-வுக்குப் போகலாம் என்றாய். 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர் என்று 2024இல் செபியின் ஆய்வே சொல்கிறது.

ஆகவே நாங்கள் சேரவில்லை. எங்கள் 50,000 மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உரியது. கடனின்றி, வட்டியின்றி, இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையில், மார்க்கம் அனுமதிக்கும் தொழில் நடத்தும் நிறுவனத்தின் பங்கை வாங்குவதானால் சொல். அப்போது சேர்ந்து அமர்ந்து கணக்குப் பார்ப்போம், இரு பாதியையும்.

வஸ்ஸலாம்.