வளர்ப்புக் குழந்தை, தத்துப்பிள்ளை… இரண்டும் ஒன்றா? சட்டம் சொல்வது என்ன?

“அவங்க வளர்ப்பு மகன்” என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். தத்தெடுத்த பிள்ளையையும் அப்படித்தான் சொல்கிறோம், சொந்தக்காரர் வீட்டில் வளரும் பிள்ளையையும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் சட்டத்தின் கண்ணில் இவை வெவ்வேறு உறவுகள். அந்த வித்தியாசம் தெரியாமல் போனால், சொத்து பிரிக்கும் நாளிலோ, பெற்ற தாய் திரும்பி வரும் நாளிலோதான் பிரச்னை வெடிக்கும்.

தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1995-ல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா, சுதாகரனை வளர்ப்பு மகன் என்று அறிவித்து, பிரமாண்டமாகத் திருமணமும் நடத்தி வைத்தார். அடுத்த ஆண்டே, அவர் இனி வளர்ப்பு மகன் இல்லை என்று அறிவித்தார். அது சட்டப்படியான தத்து அல்ல என்பதால், ஒரு அறிவிப்பிலேயே விஷயம் முடிந்தது. சட்டப்படி செல்லுபடியாகும் தத்தாக இருந்தால், அப்படி ஒரு அறிக்கை விட்டு முறித்துக்கொள்ள முடியாது.

சரி, அரசே நடத்தும் ‘வளர்ப்பு பராமரிப்பு’ திட்டத்தின் நிலை என்ன?

இரண்டுக்கும் அடிப்படை ஒரே சட்டம்

2015-ம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தில் இரண்டுமே இருக்கின்றன. தத்து கொடுத்தால் குழந்தையின் குடும்பமே மாறுகிறது. வளர்ப்பு பராமரிப்பில் குழந்தை வாழும் வீடு மட்டும்தான் மாறுகிறது.

தத்து உத்தரவு வந்த நாளிலிருந்து, பெற்ற குடும்பத்துடனான சட்ட உறவு முடிந்துவிடும். தத்தெடுத்தவர்களே அம்மா, அப்பா. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்கு என்னென்ன உரிமை உண்டோ, அத்தனையும் தத்துப்பிள்ளைக்கும் உண்டு. தத்துக்கு முன்பே குழந்தையின் பெயருக்கு வந்துவிட்ட சொத்து இருந்தால், அதுவும் குழந்தையிடமே இருக்கும்.

வளர்ப்பு பராமரிப்பில் பெற்றவர்களே சட்டப்படி பெற்றோராக நீடிக்கிறார்கள். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவின் பேரில், பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் இன்னொரு குடும்பத்திடம் போகிறது. சாப்பாடு, படிப்பு, மருத்துவம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் கடமை. ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் குழந்தைக்காக மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. குழந்தை எப்படி இருக்கிறது என்று குழு மாதாமாதம் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். பராமரிப்பு சரியில்லை என்று தெரிந்தால், குழந்தையை வேறு குடும்பத்துக்கு மாற்றிவிடலாம்.

ஒரு உதாரணம் பார்ப்போம்

இது புரிவதற்காகச் சொல்லும் கற்பனை உதாரணம். செல்விக்கு 8 வயது. அப்பா இல்லை. அம்மாவுக்கு நீண்டகால சிகிச்சை நடக்கிறது. மகளைப் பார்த்துக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. அதனால் செல்வி ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்கிறாள்.

முருகனுக்கு 41 வயது, மனைவி லதாவுக்கு 37. செல்வியைத் தத்தெடுக்க இவர்கள் விரும்புகிறார்கள். ஆனால் முடியாது. அம்மா இருக்கிறார், மகளை ஒப்படைத்து அவர் கையெழுத்துப் போடவும் இல்லை. ‘தத்து கொடுக்க சட்டப்படி தடையில்லாத குழந்தை’ என்று குழு அறிவித்தால்தான் தத்து பற்றியே பேச முடியும். செல்விக்கு அந்த அறிவிப்பு இல்லை.

ஆனால் வளர்ப்பு பராமரிப்புக்கு வழி இருக்கிறது. 2024-ல் வந்த மத்திய அரசின் மாதிரி வழிகாட்டுதல்கள், இல்லங்களில் இருக்கும் 6 வயதுக்கு மேற்பட்ட, பெற்றவர்களால் பராமரிக்க முடியாத குழந்தைகளைத்தான் முக்கியமாகக் குறிப்பிடுகின்றன. தம்பதியின் வயதைக் கூட்டினால் குறைந்தது 70 வர வேண்டும்; இவர்களுக்கு 78 வருகிறது. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு வீட்டுக்கு வந்து விசாரிக்கிறது, குழு உத்தரவு போடுகிறது, செல்வி வீட்டுக்கு வருகிறாள்.

அம்மா குணமாகி வந்தால்?

ஒன்றரை வருடம் கழித்து அம்மா குணமாகி, மகளைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்போது மகளைப் பார்த்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறார் என்று குழு முடிவு செய்தால், செல்வி அம்மாவிடம் திரும்பிப் போகலாம். “நாங்கதானே வளர்த்தோம்” என்று முருகனும் லதாவும் சொல்லலாம். ஆனால் பெற்றோர் என்ற சட்ட உரிமை அவர்களுக்குக் கிடையாது. நடுவில் அம்மா வந்து மகளைப் பார்த்துப் போவதையும் அவர்கள் தடுக்க முடியாது. அந்தச் சந்திப்பு குழந்தைக்கு நல்லதல்ல என்று நினைத்தால், காரணத்தை எழுதி குழுதான் தடுக்க முடியும்.

தத்து உத்தரவுக்குப் பிறகு அம்மா வந்தால் கதை வேறு. குழந்தையை ஒப்படைத்துக் கையெழுத்திட்ட பெற்றோருக்கு, முடிவை மாற்றிக்கொள்ள சட்டம் 60 நாள் கொடுக்கிறது. தத்து முடிந்த பிறகு திரும்பக் கேட்கும் உரிமை இல்லை.

சொத்து யாருக்கு?

செல்வி வந்த ஒரு வருடத்தில் முருகன் உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேறு பிள்ளைகள் இல்லை, தாயார் இருக்கிறார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தனிச் சொத்து மனைவி லதாவுக்கும் தாயாருக்கும் பாதிப் பாதி. செல்விக்கு எதுவும் இல்லை. அவள் தத்துப்பிள்ளையாக இருந்திருந்தால் மூவருக்கும் சம பங்கு.

வளர்ப்புக் குழந்தைக்கு எதையாவது விட்டுப்போக நினைத்தால், உயிலோ தானப் பத்திரமோ எழுதித்தான் ஆக வேண்டும். அதேசமயம், பெற்ற குடும்பத்தின் சொத்தில் செல்விக்கு உள்ள வாரிசு உரிமை அப்படியே இருக்கிறது. இறந்துபோன அப்பாவுக்கு நிலம் இருந்தால், அதில் அவளுக்குப் பங்கு உண்டு.

வளர்ப்பு, தத்தாக மாறுமா?

மாறலாம், ஆனால் தானாக மாறாது. முன்பு வளர்ப்புக் குடும்பத்தில் 5 ஆண்டுகள் இருந்த பிறகே தத்து கேட்க முடியும். இப்போது 2 ஆண்டுகள் போதும். அதற்கும் குழந்தை தத்துக்குத் தடையில்லாதவள் என்று குழு அறிவித்திருக்க வேண்டும், குழந்தையின் சம்மதமும் வேண்டும். செல்வியின் அம்மா உரிமையை விட்டுக்கொடுக்காத வரை, 2 ஆண்டு ஆனாலும் 10 ஆண்டு ஆனாலும் அவள் வளர்ப்புக் குழந்தைதான்.

திருமணமாகாதவர், கணவரை அல்லது மனைவியை இழந்தவர், விவாகரத்து பெற்றவர் ஆகியோரும் 2024 முதல் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம். தனியாக வாழும் ஆண் என்றால், ஆண் குழந்தையை மட்டுமே. தத்திலும் இதே கட்டுப்பாடு உண்டு.

குழப்பம் வரும் ஒரு இடம்

தத்தெடுக்கப் பதிவு செய்து காத்திருந்தவர்களிடம், இறுதி உத்தரவுக்கு முன்பே குழந்தை ஒப்படைக்கப்படும். அதற்குப் பெயர் ‘தத்துக்கு முந்தைய வளர்ப்பு பராமரிப்பு’. இது தத்தெடுப்பின் ஒரு கட்டம். செல்வி விஷயத்தில் நடந்தது இதுவல்ல.

எனவே பார்க்க வேண்டியது கையில் இருக்கும் காகிதத்தை. குழந்தைகள் நலக் குழுவின் வளர்ப்பு உத்தரவு இருந்தால், நீங்கள் பராமரிப்பவர். இந்தச் சட்டப்படி தத்தெடுத்தவர் என்றால், மாவட்ட ஆட்சியரின் தத்து உத்தரவு இருக்கும். நீதிமன்றத்திடம் இருந்த இந்த அதிகாரம் 2022 செப்டம்பரில் ஆட்சியருக்கு வந்தது. முன்பின் தெரியாத ஒருவரிடம் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வாங்கி வந்த குழந்தை என்றால், அது வளர்ப்பும் இல்லை, தத்தும் இல்லை. முறைகேடான தத்துக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. பணம் கைமாறியிருந்தால் குழந்தை விற்பனையாகி, 5 ஆண்டு வரை போகும்.

குழந்தையை வளர்க்க விரும்புபவர்கள் முதலில் போக வேண்டிய இடம், அந்தந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஆதரவில்லாத குழந்தையைப் பார்த்தால் 1098-க்கு போன் செய்யலாம்.