கண்ணை மூடிய பிறகுதான் பயிற்சி



சுடரைப் பார்த்து நிற்பது எங்கள் மந்தாரக்குப்பத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. தைப்பூசம் வந்தால் பஸ் ஏறி வடலூர் போவோம். 1872-ல் வள்ளலார் தொடங்கிய சத்திய ஞான சபையில் ஏழு திரைகளும் விலக, ஜோதி தரிசனம் காண்போம். அது வழிபாடு. இன்று நான் சொல்லப் போவது வேறு. சுடரை வைத்து மனத்தை ஒரே இடத்தில் நிறுத்தப் பழகும் திராடகம். சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகையில் ஆறு சுத்திகரிப்புப் பயிற்சிகளில் ஒன்றாக இது சொல்லப்பட்டிருக்கிறது.

போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி சிவந்த கண்ணோடு வந்து நின்றாள். எட்டு மாதக் குழந்தைக்காரி. பகலில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். மாலையானால் தலைவலி. "விளக்கைப் பார், தலைவலியும் போகும், கண்ணாடியும் வேண்டாம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மூணு நாளா பார்க்கறேன் அக்கா. கண்ணு எரியுது, தலைவலி கூடத்தான் ஆச்சு" என்றாள்.

"எப்படிப் பார்த்தே, செஞ்சு காட்டும்மா" என்று அவள் வீட்டுக்கே போனேன். விளக்கு தரையில், இவள் குனிந்து பார்க்கிறாள். தலைக்கு மேலே மின்விசிறி, சுடர் நடனமாடுகிறது. இமைக்கவே கூடாதென்று ஐந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள். நாம் நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிறோம். அப்போதுதான் கண்ணீர் விழிமேல் பரவி அதை ஈரமாக வைக்கிறது. இமைக்காவிட்டால் விழி காய்ந்து எரியாமல் என்ன செய்யும்? கண்ணீர் வரும்வரை பார்க்கச் சொல்கிறது பழைய நூல். ஆரம்பக்காரர்கள் அதுவரை போகவே வேண்டாம்.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முக்காலிமேல் விளக்கை வையுங்கள். உட்கார்ந்தால் சுடர் கண் மட்டத்தில், இரண்டரை அடி தூரத்தில் இருக்க வேண்டும். திரி மெல்லியதாக, கொஞ்சமே வெளியே நீட்டியிருந்தால் புகையாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, காற்று வரும் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்துங்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். தவழும் குழந்தை விழித்திருந்தால் விளக்கே ஏற்ற வேண்டாம்.

முகத்தைத் தளர்த்தி, திரியின் நுனிக்குச் சற்று மேலே 15 விநாடி பாருங்கள். இமை தானாக வந்தால் இமையுங்கள், தப்பில்லை. பிறகு கண்ணை மூடுங்கள். இருட்டில் சுடரின் சாயல் பச்சையாகவோ ஊதாவாகவோ நிற்கும். அது அதிசயமில்லை, வெளிச்சம் பட்ட இடத்தில் விழித்திரை சற்றுக் களைத்ததன் அடையாளம். அந்தச் சாயல் மங்கி மறையும்வரை அதையே கவனியுங்கள். விழியை அசைத்தால் அதுவும் நகரும், துரத்தாதீர்கள். "இட்லிக்கு அரிசி போட்டோமா?" என்று மனசு ஓடினால், ஓடியதைக் கண்டுகொண்டு திரும்பி வாருங்கள். அந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி. சுடர் அதற்கு ஒரு பிடிமானம், அவ்வளவே.

சாயல் மறைந்ததும் உள்ளங்கைகளைத் தேய்த்து, அழுத்தாமல் கண்மேல் பொத்தி வையுங்கள். இப்படி மூன்று சுற்று. மொத்தம் ஐந்து நிமிஷம். முதல் வாரம் இது போதும். பிறகு பார்க்கும் நேரத்தை மெதுவாகக் கூட்டி, ஒரு நிமிஷத்தோடு நிறுத்துங்கள்.

நெற்றி சுருங்கினாலோ, எரிச்சல் வந்தாலோ, பயிற்சி முடிந்து வெகுநேரம் ஆகியும் சாயல் கண்முன் நின்றாலோ அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இரண்டு நாள் விட்டு, பாதி நேரத்தில் தொடங்குங்கள். வலிப்பு நோய், ஒற்றைத் தலைவலி, கண் நீரழுத்தம் உள்ளவர்களும், கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் சுடரைத் தொடவே வேண்டாம். சுவரில் கருப்புப் பொட்டு ஒட்டிப் பார்ப்பதானாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ராத்திரி முழுக்கக் குழந்தையோடு விழித்தவளுக்கு முதலில் தேவை தூக்கம், விளக்கு அல்ல.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? இப்படிச் செய்ததில் எரிச்சல் நின்றது. தைக்க உட்கார்ந்தால் வரும் தலைவலி மட்டும் போகவில்லை. "இது விளக்கு விஷயம் இல்லேம்மா, கண்ணைக் காட்டு" என்று அனுப்பினேன். பரிசோதித்ததில் பார்வைக் குறைபாடு இருந்தது. கண்ணாடி போட்டாள், தலைவலி போயிற்று. திராடகம் பார்வைக் குறையைத் தீர்க்காது. அதை நம்பி அவள் இன்னும் ஆறு மாதம் தள்ளியிருந்தால் ஆறு மாதமும் வலியோடுதான் தைத்திருப்பாள்.

விளக்கை அவள் விடவில்லை. விடியற்காலை, குழந்தை எழுவதற்குள் மூன்று சுற்று. "முன்னெல்லாம் ஒரு சுத்துக்குள்ள மனசு பத்து தடவை ஓடும் அக்கா. இப்ப நாலு தடவைதான்" என்கிறாள். எனக்கு இன்னும் ஆறு!